ஓராண்டு நிறைவுப் பாட்டு: பெற்றோர் பாடுவதற்கு ஒரு சந்தம்

ஓராண்டு நிறைவு விழாவில் மெழுகுவத்தியை ஏற்றியதும் கூடியிருப்போர் அனைவரும் பாடத் தொடங்குகின்றனர். ஆங்கிலத்தில் ஒருமுறை பாடி முடித்த பின்னர், அதே மெட்டில் தமிழிலும் ஒருமுறை பாடுவது நம் வீடுகளில் வழக்கம். ஆங்கிலத்தில் ஒரே குரலாய் ஒலித்த கூட்டம் தமிழுக்கு வந்தவுடன் தடுமாறுவதையும், சிலர் முந்துவதையும், சிலர் இழுப்பதையும் பலரும் கேட்டிருப்பர். இதற்குத் தமிழ்ப் பற்றுக் குறைவு காரணமன்று. காரணம் மாத்திரைக் கணக்கில் இருக்கிறது.

அந்த மெட்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த மில்ட்ரெட் ஹில், பேட்டி ஹில் என்னும் சகோதரியர் 1893இல் மழலையர் பள்ளிக்கென வெளியிட்ட காலை வணக்கப் பாட்டினுடையது. பிறந்தநாள் சொற்கள் பின்னாளில் அதன்மீது ஏற்றப்பட்டவை. ஓர் அடிக்கு ஆறு ஒலித்துண்டுகள். முதல் இரண்டும் ஒரே தட்டுக்குள் விரைந்து அடங்கும். அவற்றுள்ளும் இரண்டாவது மிகக் குறுகியது. மூன்றாவது அழுத்தமாக விழும். ஆறாவது நீண்டு நிற்கும்.

'பிறந்தநாள் வாழ்த்து' என்னும் தொடரை இதன்மீது வைத்துப் பாருங்கள். பி, றந், த, நாள், வாழ்த், து என ஆறே துண்டுகள். எண்ணிக்கை பொருந்துகிறது, அதனால்தான் பலரும் அதைப் பாட முயல்கின்றனர். ஆனால் எடை பொருந்தவில்லை. ஒற்றடுத்து நிற்கும் 'றந்', மெட்டின் மிகக் குறுகிய இடத்தில் நசுங்குகிறது. ஒற்றைக் குறிலாகிய 'த', அழுத்தம் விழும் இடத்தில் அமர்கிறது. ஈற்றிலுள்ள 'து' குற்றியலுகரம்; அரை மாத்திரைக்குமேல் அதற்கு உரிமையில்லை. மெட்டோ அந்த இடத்தைத்தான் மிக நீளமாக இழுக்கச் சொல்கிறது. ஆகவே 'வாழ்த்தூ' என்று ஒலிக்கிறது. 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று விரித்தால் பத்துத் துண்டுகள் ஆகிவிடும். ஆறு இருக்கையில் பத்துப்பேர் அமர்ந்த கதைதான். ('வாழ்த்துகளா', 'வாழ்த்துக்களா' என்ற வழக்காடலை இங்கே நான் தொடவில்லை. பாடும்போது இரண்டுமே இடம் கொள்ளாதவை.)

இசையில் எழுத்து தன் அளவை மீறலாம் என்று நன்னூலே இடம் தருகிறதே என மாணவர் கேட்கக்கூடும். உண்மைதான். இசையிலும் விளியிலும் பண்டமாற்றிலும் உயிரும் ஒற்றும் அளவிறந்து ஒலிக்கும் என்பது நன்னூலார் கருத்து. எனினும் நெடில் நீண்டால் அது நெடிலாகவே இருக்கும். குறில் நீண்டால் வேறோர் எழுத்தாகக் காதில் விழும். பெரியவர்கள் சொல்லை ஊகித்துக்கொள்வர். ஒரு வயதுக் குழந்தை சொற்களைக் கேட்டே கற்கிறது. அதற்கு ஊகிக்க எதுவுமில்லை.

ஆகவே இரவல் மெட்டை விட்டுவிட்டு, இந்த வயதுக்கென்றே நம் இலக்கியம் வகுத்து வைத்திருக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஆறாவது வருகைப் பருவம். குழந்தை ஓராண்டை எட்டித் தளர்நடை பயிலும் காலத்துக்கு உரியது அது. அப்பருவப் பாடல்கள் ஒவ்வொன்றும், எத்துணைப் பெருமைகளை அடுக்கினாலும், 'வருக' என்னும் அழைப்பிலேயே வந்து முடியும். அந்த விருத்தங்களை விழாக்கூடத்தில் பாட இயலாது. அவை புலவர் குரலுக்கு உரியவை. ஆனால் அவற்றின் உயிர்ச்சொல் ஒரே ஓரெழுத்தாய்ச் சுருங்கக்கூடியது: 'வா'. நெடில், இழுக்க இழுக்க நீளும், இதழருகே பிறக்கும் எளிய ஒலி. எழுந்து நிற்கத் தொடங்கிய குழந்தையிடம் பெற்றோர் நாள்தோறும் கையை நீட்டிச் சொல்லும் சொல்லும் அதுவே.

அதனையே பல்லவியாகக் கொண்டு, இந்த உரைக்கென நான் கட்டிய பாட்டு இது. மாறன் என்னும் பெயர் எடுத்துக்காட்டுக்காக வைக்கப்பட்டது.

வாவா மாறா வாவா வா
வாவா மாறா வாவா வா
தத்தித் தத்திக் கிட்டே வா
கையைத் தட்டிக் கிட்டே வா
அம்மா இங்கே வாவா வா
அப்பா இங்கே வாவா வா
வயதோ ஒன்றாம் வாவா வா
வாவா மாறா வாவா வா

இதன் கணக்கு எளிது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றடுத்த குறிலுக்கும் இரண்டு. எழுத்திலக்கணம் ஒற்றுக்கு அரை மாத்திரை தரும். சந்தத்தில் அதைச் சேர்த்து இரண்டாகக் கொள்வது மரபு. ஒவ்வொரு கைத்தட்டுக்கும் நான்கு அலகுகள். அடிக்கு நான்கு தட்டு. கடைசித் தட்டில் 'வா' மட்டும் நின்று, எஞ்சிய இரண்டலகையும் நீண்டு நிரப்பும். மூச்சு வாங்கும் இடமும் அதுவே. ஒரு தட்டு ஏறத்தாழ முக்கால் நொடி என்று கொண்டால் ஓரடி மூன்று நொடி. எட்டடியும் இருபத்து நான்கு நொடியில் முடியும். மெழுகுவத்தி உருகுவதற்குள்ளும் குழந்தை சிணுங்குவதற்குள்ளும் முடிந்துவிடும் அளவு.

மூன்றாம் அடியில் ஆசிரியர்கள் சற்றே நிற்கலாம். 'தத்தித் தத்திக்' என்பதிலுள்ள வல்லொற்றுகளை நீக்கிப் பாடினால் ஒவ்வொரு சொல்லும் மூன்றலகாகக் குறைந்து தட்டு தவறும். வலி மிகுதலை எழுத்துப்பிழைக்கு அஞ்சிக் கற்கும் மாணவர்க்கு, அது காதுக்குக் கேட்கும் ஒன்று என்பதை இந்த ஓரடி காட்டிவிடும். 'கிட்டே வா' என்பது அருகில் வா எனப் பொருள்படும். பேச்சு வழக்கில் 'தத்திக்கிட்டே வா' என்றாலோ தத்தியபடியே வா என்றாகும். இரண்டில் எதைக் கேட்டாலும் பாட்டு கெடுவதில்லை. ஆகவே அந்த இரட்டுறலை அப்படியே விட்டுவிட்டேன்.

ஏழாம் அடியை முதலில் 'ஆண்டு ஒன்று வாவா வா' என்று எழுதிப் பார்க்கலாம். பொருள் தெளிவு, சொற்களும் எளியவை. பாடியவுடன் சிக்கல் தெரியும். 'ஆண்டு' மூன்றலகே. மேலும் அதன் ஈற்றுக் குற்றியலுகரம் வரும் உயிருக்கு இடங்கொடுத்து மறைந்து 'ஆண்டொன்று' ஆகிவிடும், ஐந்தலகே எஞ்சும். எட்டு வேண்டிய இடத்தில் ஐந்து. 'வயதோ ஒன்றாம்' என்பதில் ஓகாரத்துக்குப் பின் உடம்படுமெய் வந்தாலும் அலகு குறைவதில்லை. 'அம்மா இங்கே' என்பதும் அவ்வாறே. எளிய பாட்டில் சொல் நெடிலில் முடிவது எவ்வளவு வசதி என்பது இதனால் விளங்கும்.

இனிப் பெயர். ஒவ்வொரு வீட்டிலும் மாற வேண்டியது இது ஒன்றே. பாட்டு தடுக்கி விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். நான்கரை மாதக் குழந்தைகளே பிற பெயர்களைவிடத் தம் பெயரின் ஒலிக்கு நீண்ட நேரம் செவிசாய்க்கின்றன என்று 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டறிந்தது. ஓராண்டுக் குழந்தைக்குப் பாட்டில் உறுதியாகத் தெரிந்த சொற்கள் தன் பெயரும் அம்மாவும் அப்பாவும் எனலாம். அந்தப் பெயரைச் சிதைத்துப் பாடினால் பாட்டின் பாதி போய்விடும்.

இங்கே விளிவேற்றுமை நமக்குத் துணை நிற்கிறது. மாறன் 'மாறா' ஆகிறான்: நான்கு. குமரன் 'குமரா': நான்கு. கவின் 'கவினே', மலர் 'மலரே', கயல் 'கயலே': எல்லாம் நான்கு. செல்வி என்பதில் மூன்றே உண்டு. இகரம் ஈகாரமாகி 'செல்வீ' என விளிக்கும்போது நான்காகிவிடுகிறது. நங்கை 'நங்காய்' ஆவதும் நான்கே. அழைப்பதற்கென்று மொழி செய்துகொண்ட நீட்சி, பாட்டின் தட்டுக்கும் அளவாக அமைந்துவிடுகிறது. நான் இந்த நான்கலகு நடையைத் தேர்ந்தது இதன்பொருட்டே. மூன்றலகு நடை துள்ளலாக இருக்கும். ஆனால் இப்பெயர்களுள் ஒன்றேனும் அதில் அமராது.

நெடும்பெயர்களுக்கு மட்டும் சிறு மாற்றம் வேண்டும். முதலில் வரும் 'வாவா' என்பதை ஒற்றை 'வா' ஆக்கி, மிச்சமுள்ள ஆறலகையும் பெயருக்கு விட்டுவிடலாம். 'வா அன்பரசா வாவா வா', 'வா யாழினியே வாவா வா', 'வா இலக்கியா வாவா வா' என்பன சரியாக எட்டில் முடியும். இளங்கோ ஐந்தலகே, 'கோ' என்னும் நெடிலை ஓரலகு கூட்டி இழுத்தால் போதும். 'எம்' என்னும் உரிமைச் சொல்லை முன்னே சேர்க்கும் ஆசை சிலருக்கு எழும். 'எம் அன்பரசா' என்பது கணக்கில் எட்டுத்தான். ஆனால் மகரம் இரட்டித்து, முதல் தட்டில் 'எம்மன்' என்று ஒலிக்கும். பிறந்தநாளன்று கூற்றுவனை நினைவூட்டும் ஒலி எதற்கு? சொற்களைத் தாளில் எண்ணிய பிறகு தட்டித் தட்டி உரக்கப் பாடிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. ஹரிஷ், தர்ஷ் போல நீட்ட இடம்தராத ஒற்றில் முடியும் பெயர்களுக்கு விளியுருபு இயல்பாய் ஒட்டுவதில்லை. அவ்வீடுகளில் நாள்தோறும் அழைக்கும் செல்லப்பெயர் ஒன்று எப்படியும் இருக்கும், அதனையே பாடலாம்.

மெட்டைப் பற்றிச் சிறிது. ஆங்கிலப் பாட்டின் மூன்றாம் அடியில் குரல் ஓர் எண்சுர இடைவெளியை ஒரே தாவலில் கடக்க வேண்டும். உயரத் தொடங்கியவர்கள் அங்கே கீச்சிடுவர். நம் பாட்டுக்கு மோகன ராகத்தின் ச, ரி, க, ப என்னும் நான்கு சுரங்களே போதும். 'வாவா மாறா' என்பதில் ககரத்தில் நின்று, ஈற்று 'வா'வில் சட்சத்துக்கு இறங்கலாம். மூன்றாம் நான்காம் அடிகளில் மட்டும் பஞ்சமம் வரை ஏறலாம். சுருதி தெரியாத தந்தையும் பாடிவிடக்கூடிய எல்லை அது.

ஐந்தாம் அடியைத் தாய் தனியாகவும் ஆறாம் அடியைத் தந்தை தனியாகவும் பாட வேண்டும். இருவரும் குழந்தையின் இருபுறமும் சற்றுத் தள்ளி நின்றால் குழந்தை முதலில் ஒரு பக்கமும் பின்னர் மறுபக்கமும் திரும்பும். கூட்டம் கடைசி அடியில் மட்டும் சேர்ந்துகொள்ளட்டும். முதல் அடியிலேயே முப்பது குரல்கள் எழுந்தால் குழந்தை மிரண்டு அழும். அதன்பின் எந்தச் சந்தமும் உதவாது. பாட்டு முடிவதற்குள் குழந்தை எவரிடமேனும் தத்திச் சென்றுவிட்டால் எஞ்சிய அடிகளை விட்டுவிடலாம்.