தெரிந்த மேனேஜருக்கு எழுதும் ரெஸ்யூமே

பெரிய ஐ.டி. நிறுவனங்களில் ஆண்டு முழுக்க ஐ.ஜே.பி. வந்துகொண்டே இருக்கும். ஒரு பிரிவில் காலியாகும் வேலையை வெளியாட்களுக்கு முன்பே உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லும் அறிவிப்பு அது. அதற்கு விண்ணப்பிக்கிறவர்களில் பலர், 'அந்த டீம் மேனேஜருக்குத்தான் என்னை நன்றாகத் தெரியுமே' என்று, வேலையில் சேர்ந்தபோது கொடுத்த பழைய ரெஸ்யூமேயில் தேதியை மட்டும் மாற்றி ஏற்றிவிடுகிறார்கள். அந்த மேனேஜருக்கு நம்மைத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அவர் பார்த்தது நம் வேலையின் ஒரு பக்கத்தை மட்டுமே. அவர் மனதில் அந்தப் பக்கம் ஏற்கெனவே உறுதியாகப் பதிந்திருப்பதால், மற்ற பக்கங்களைக் காட்டுவது இன்னும் கடினமாகிறது.

ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம். சென்னையில் ஒரு நிறுவனம், ஒரு வங்கியின் மென்பொருளைப் பராமரிக்கிறது. சப்போர்ட் டீமில் ஐந்து வருடமாக இருக்கும் ஒரு பெண், அதே வங்கிக்கு வேலை செய்யும் டெவலப்மென்ட் டீமுக்குப் போக நினைக்கிறார். அந்த டீம் மேனேஜருக்கு இவரை நல்ல பழக்கம். நள்ளிரவில் சிஸ்டம் நின்றுபோனால் எல்லாரும் இணையும் பிரிட்ஜ் காலில், பதற்றப்படாமல் காரணத்தைத் தேடிச் சொல்பவர் இவர்தான். மேனேஜருக்கு இவர் மேல் மதிப்பும் உண்டு. 'இவர் கோட் எழுதுவாரா?' என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. காலியாக இருப்பதோ கோட் எழுதும் இடம்.

இவருடைய பழைய ரெஸ்யூமேயில் இருக்கும் முதல் வரி இப்படி: 'எல்2 சப்போர்ட் கையாண்டேன், இரவு பேட்ச் ஜாப்களைக் கண்காணித்தேன், எஸ்.எல்.ஏ.வுக்குள் டிக்கெட்டுகளை முடித்தேன்.' பிரிட்ஜ் காலில் மேனேஜர் கண்ணால் கண்டதையே இது அவருக்குத் திரும்பச் சொல்கிறது. அவர் மனதில் இருக்கும் 'நல்ல சப்போர்ட் ஆள்' என்ற படத்தை அழுத்தமாக்குவதைத் தவிர இந்த வரியால் வேறு பயன் இல்லை.

அதே ஐந்து வருடத்தில் இவர் வேறொன்றும் செய்திருக்கிறார். வங்கியின் இன்னொரு பிரிவிலிருந்து வரும் கோப்பு முழுதாக வந்து சேர்வதற்குள் பேட்ச் ஜாப் ஓடத் தொடங்கி, பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்து அதை மறுபடி ஓட விடுவார்கள். இவர் ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட் எழுதினார். கோப்பின் கடைசி வரியில் இருக்கும் ட்ரெய்லர் ரெக்கார்டு வந்துவிட்டதா, அதில் சொன்ன எண்ணிக்கையும் கோப்பில் உள்ள வரிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே ஜாப்பைத் தொடங்கவிடும் ஸ்க்ரிப்ட் அது. பழைய ரெஸ்யூமேயில் இது 'சில பணிகளைத் தானியங்கியாக்கினேன்' என்று நான்காவது வரியில் ஒளிந்துகிடந்தது.

புதிய ரெஸ்யூமேயில் இதுதான் முதலில் வரவேண்டும், விவரத்தோடு வரவேண்டும்: 'அரைகுறைக் கோப்பால் இரவு பேட்ச் நின்றுபோவதைத் தடுக்க, ட்ரெய்லர் ரெக்கார்டைச் சரிபார்க்கும் பைத்தான் ஸ்க்ரிப்டை வடிவமைத்து எழுதினேன். இந்தக் காரணத்துக்காக மாதம் 12 வரை வந்த டிக்கெட்டுகள் 2 ஆகக் குறைந்தன. கோட் நம் ரெப்போவில் உள்ளது. ரிவ்யூ செய்தது உங்கள் டீம்.' கடைசி வாக்கியத்தை வெளி நிறுவனத்துக்கு எழுத முடியாது. உள்ளே இருப்பவருக்கு அது பெரிய பலம், ஏனென்றால் படிப்பவர் அடுத்த நிமிடமே ரெப்போவைத் திறந்து பார்க்கலாம்.

அந்த வசதியே ஆபத்தும் ஆகலாம். டிக்கெட் எண்ணிக்கையை நினைவிலிருந்து எழுதக் கூடாது. டிக்கெட் சிஸ்டத்திலிருந்து அறிக்கை எடுத்துத்தான் எழுத வேண்டும். வெளியே அனுப்பும் ரெஸ்யூமேக்களில் 'முன்னின்று நடத்தினேன்' என்ற சொல் சர்வசாதாரணம். இங்கே அதைப் படிப்பவரும் அந்த மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தவர். டேட்டாபேஸ் மாற்றத்தை நான்கு பேர் சேர்ந்து செய்திருந்தால், 'நால்வர் குழுவில் தரவு ஒப்பீட்டு க்வெரிகளை எழுதியது என் பங்கு' என்று எழுதினால் நம்புவார். மொத்தத்தையும் நானே செய்தேன் என்றால், அவருக்கு நேரடியாகத் தெரியாத மற்ற வரிகளையும் சந்தேகிப்பார். ரெஸ்யூமேயில் ஒரே ஒரு வரி ஊதிப்பெருத்தால் போதும், உண்மையான ஸ்க்ரிப்ட் வேலையும் சேர்ந்து அடிபடும்.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு தோல்வி இருந்தால் என்ன செய்வது? இவர் பெயரோடு சேர்ந்து பேசப்படும் ஒரு தவறான ரிலீஸ் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெஸ்யூமேயில் அதற்கு விளக்கம் எழுத வேண்டாம். அதற்குப் பிறகு இவர் கொண்டுவந்த ரிலீஸ் செக்லிஸ்டை மட்டும் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். நினைவிருப்பவருக்கு அது புரியும். நேர்முகத்தில் கேட்டால் சொல்வதற்கான பதிலைத் தனியே தயார் செய்துகொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றை மறக்கக் கூடாது: இந்தத் தாளைப் படிப்பவர் அந்த மேனேஜர் ஒருவர் மட்டும் இல்லை. அவருக்கு முன்னால் ஹெச்.ஆர். பார்ப்பார். இப்போதைய வேலையில் குறைந்தபட்சக் காலம் முடிந்ததா, கடைசி ரேட்டிங் என்ன, பேண்ட் பொருந்துகிறதா என்பதே அவர் கவலை. நேர்முகக் குழுவில் இவரைப் பார்த்தே இராத இன்னொரு ஆர்க்கிடெக்ட் இருப்பார். சில ப்ராஜெக்ட்டுகளில் வங்கித் தரப்பிலிருந்தும் ஒருவர் பேசிப் பார்ப்பார். தெரிந்த மேனேஜர் 'இவரை எடுக்கலாம்' என்றால் மற்றவர்கள் 'ஏன்?' என்பார்கள். அப்போது அவர் கையில் இருப்பது நம் ரெஸ்யூமே. அவர் அப்படியே எடுத்துச் சொல்லக்கூடிய இரண்டு மூன்று வரிகளை நாம் எழுதித் தந்திருக்கிறோமா என்பதுதான் முக்கியம். 'அவருக்குத் தெரியுமே' என்று அடிப்படை விவரங்களை விட்டுவிடுவதும் இதனாலேயே தவறு. பணிக்காலம், பொறுப்பு, தெரிந்த மொழிகள் எல்லாம் இருக்கட்டும். இரண்டாம் பக்கத்தில் சுருக்கமாக இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் கூடவே வேலை பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து இரண்டு கேள்விகள் கேட்கலாம். இதில் உனக்குத் தெரியாத விஷயம் எது? இதில் நீ ஒத்துக்கொள்ளாத வரி எது? முதல் கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்தால், ரெஸ்யூமே இன்னும் பழைய படத்தையே வரைந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தால் அந்த வரியைத் திருத்திவிட வேண்டும்.

இந்த ரெஸ்யூமேயில் வங்கியின் பெயரும் உள் சிஸ்டங்களின் பெயர்களும் தாராளமாக வரும். இதே கோப்பை வேலைவாய்ப்புத் தளங்களில் ஏற்றக் கூடாது. வாடிக்கையாளரோடு செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும்.

கடைசியாக, உள் மாற்றங்கள் பல, தேர்வான பிறகும் ரிலீஸ் கிடைக்காமல் நின்றுவிடுகின்றன. இவரைப் போல நள்ளிரவில் எல்லாரும் தேடும் ஆளை இப்போதைய மேனேஜர் சுலபத்தில் விடமாட்டார். புதிய மேனேஜருக்கும் இது தெரியும். மாதக்கணக்கில் காத்திருக்க நேருமோ என்று தயங்குவார். அதனால் ரெஸ்யூமேயின் முடிவில் இன்னொரு வரி வேண்டும்: 'பேட்ச் ஜாப்களுக்கான ரன்புக் எழுதி முடித்தாயிற்று, இரண்டு பேர் கே.டி. முடித்து இரவு ஷிப்டைத் தனியாகப் பார்க்கிறார்கள்.' இப்போதைய மேனேஜரும் இதைப் படிப்பார், ஆகவே அது உண்மையாக இருந்தாக வேண்டும். இன்றைக்கு அப்படி எழுத முடியாது என்றால், இந்த ஐ.ஜே.பி.யை விட்டுவிட்டு ரன்புக்கின் முதல் பக்கத்தை எழுதத் தொடங்கலாம்.