குணமா, நடத்தையா?

ஜேடர்பாளையம் பகுதியில் வெல்ல வணிகர் ஒருவர், தம் கணக்கரின் ஆண்டு மதிப்பீட்டில் "பொறுப்பற்றவர்" என்று எழுதுவதாகக் கொள்வோம். ஊதிய உயர்வைத் தடுக்கும் இச்சொல்லுக்கு அவர் என்ன விடை கூற இயலும்?

இப்படித் திருத்தலாம்: "ஜனவரி 4, 7, 9, 11 ஆகிய நாட்களில் எடைச்சீட்டுகளை அன்றே பேரேட்டில் பதியவில்லை. அதனால் ஆலைக்காரர்களுக்குப் பணம் மறுநாளே கிடைத்தது."

கண்டதும் விளைவும் மட்டுமே இதில் உள்ளன. "அடிக்கடி" என்றிருந்தால் (அதுவும் தீர்ப்புத்தான்!) சரிபார்க்க வழியில்லை. காரணத்தையும் ஊகித்து எழுதலாகாது; கேட்டறிய வேண்டும்.

தேதிகளைக் கண்ட கணக்கர் சொல்கிறார்: "அந்நாட்களில் பொங்கல் விற்பனை, முதலாளி. சீட்டுகள் என் கைக்கு வந்ததே இரவு எட்டு மணிக்குத்தான்."

முதலாளி எடைபோடுபவரை அழைக்கிறார்.