போலிக் கடிகாரத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

பெட்டி அசல்போலவே இருக்கும். ஆனால் ஸ்மார்ட்வாட்ச், தயாரிப்பாளரின் செயலியோடு இணைய மறுத்து, பெயர் தெரியாத வேறொரு செயலியைக் கேட்கும். வரிசை எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டினால் விவரமே வராது.

புகார் மின்னஞ்சலின் உயிர் இந்த இரண்டும்தான், கோபம் அல்ல. “விளம்பரப்படுத்திய மாடலுக்குப் பதிலாகப் போலி வந்துள்ளது, முழுத் தொகையையும் திருப்பித் தரவும்” என்று முதல் வரியிலேயே கேட்டுவிட வேண்டும். ஆர்டர் எண், ரசீது, ஸ்கிரீன்ஷாட்டுகள் இணைப்பில் போகட்டும். ‘தரம் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால், மாற்றித் தருவதாக இன்னொரு போலியே வரக்கூடும்.

இந்தியாவின் 2020 மின்வணிக விதிகளின்படி, போலிப் பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பதிலே இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.