தாஹான் மலைக்கு அரிசி அளப்பது எப்படி?

தீபகற்ப மலேசியாவின் உயரமான மலை குனோங் தாஹான். உயரம் 2,187 மீட்டர். மெராப்போ வழியாக ஏறி அதே வழியில் இறங்கும் குழுக்கள் பெரும்பாலும் நான்கு பகல், மூன்று இரவு என்று கணக்குப் போடுகின்றன. பாதையில் கடை கிடையாது. அரிசி முதல் உப்பு வரை எல்லாம் நம் முதுகில்தான் போக வேண்டும். கூடுதலாக எடுத்தால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், குறைந்தால் மூன்றாம் நாள் தெரியும்.

பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு நாள் என்றதும் பலர் எல்லாவற்றையும் நான்கால் பெருக்கிவிடுகிறார்கள். நாளை எண்ணாமல் வேளையை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் காலைப் பசியாறலை மெராப்போ கடையிலேயே முடித்துவிடலாம். மதியத்துக்கு அங்கேயே நாசி லெமாக் பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம். நான்காம் நாள் இரவு கீழே வந்துவிடுவோம். ஆக, சுமக்க வேண்டியது மூன்று காலை, மூன்று மதியம், மூன்று இரவுச் சாப்பாடு மட்டுமே. அதாவது மூன்று முழு நாள் உணவு.

இனி ஒருவருக்கு ஒரு நாள் கணக்கு. இரவுக்கு அரிசி 150 கிராம். வீட்டில் ஒருவருக்கு 100 கிராம் போதும், ஏனென்றால் கறி, கூட்டு, பொரியல் என்று பக்கத்தில் இருக்கும். மலையில் சோறுதான் வயிற்றை நிரப்ப வேண்டும். அதனுடன் பருப்பு 40 கிராம், நெத்திலி 20 கிராம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அதே எடையில் சோயா. காலையில் உப்புமாவுக்கு ரவை 80 கிராம். முகாம் சேர்ந்ததும் சூடாகக் குடிக்க ஒரு மேகி பாக்கெட், அது சுமார் 80 கிராம். மைலோ, பால்மாவு, சீனி எல்லாம் சேர்த்து 60. எண்ணெய் 25. வெங்காயம், மசாலா, உப்புக்கு 20.

மதியத்துக்கு அடுப்பு மூட்ட வேண்டாம். நடந்துகொண்டே கொறிக்க வேர்க்கடலை, பேரீச்சம்பழம், பிஸ்கட் என்று 200 கிராம் தனிப் பையில் போட்டு ஆளுக்கு ஆள் கொடுத்துவிட வேண்டும். பலர் குறைத்துவிடுவது இதைத்தான். அரிசி மிஞ்சுகிறது, கடலை இரண்டாம் நாளே தீர்ந்துவிடுகிறது. மதியம் மூன்று மணிக்கு மேல் ஒருவர் பேச்சைக் குறைத்து, கால் தடுமாறி நடந்தால், முதலில் அவருடைய கொறிக்கும் பையைத் திறந்து பாருங்கள்.

எல்லாம் கூட்டினால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 675 கிராம். பன்னிரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு 24.3 கிலோ, அதாவது ஆளுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூட. இதில் அரிசி மட்டும் 5.4 கிலோ.

இதற்கு மேல் ஒரு வேளை உணவு சேமிப்பாக இருக்க வேண்டும். கோலா ஜூரம் பக்கம் ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது. மழை கொட்டி நீர் ஏறினால் அது வடியும் வரை கரையில் காத்திருப்பதுதான் வழி. ஆளுக்கு இரண்டு மேகி பாக்கெட் தனியாகக் கட்டி, திரும்பும்போது ஆற்றைத் தாண்டும்வரை அவிழ்க்காமல் வைத்திருங்கள். மொத்தம் இரண்டு கிலோ கூடும், அவ்வளவுதான்.

அரிசி வேறு, பருப்பு வேறு என்று பொருள்வாரியாகப் பிரித்துச் சுமந்தால், அரிசிப் பை வைத்திருப்பவர் பின்தங்கும்போது முகாமே பட்டினியாகக் காத்திருக்கும். வேளைவாரியாகக் கட்டுங்கள். முதல் இரவின் அரிசி, பருப்பு, நெத்திலி, மசாலா எல்லாம் ஒரே மூட்டையில் இருக்கட்டும். 1.8 கிலோ அரிசியோடு அது கனமான மூட்டை, அதனால் வேகமாக நடக்கும் இருவர் பங்கிட்டுத் தூக்கட்டும். மெதுவாக வருபவரிடம் கடைசி நாளுக்கான உணவைக் கொடுங்கள்.

சமைக்கும்போது 1.8 கிலோ அரிசியை ஒரே பானையில் போட வேண்டாம். சிறிய கேஸ் அடுப்பில் அடி தீய்ந்துவிடும், மேல் அரிசி வேகாது. 900 கிராமாக இரண்டு பானையில் வையுங்கள். பருப்பிலும் ஒரு விஷயம் உண்டு. 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால், துவரையும் கடலைப் பருப்பும் கேஸைத் தின்றுவிட்டு அரை வேக்காட்டில் நிற்கும். சீக்கிரம் குழையும் மைசூர் பருப்பே நல்லது.

கிளம்பும் முன் ஒரு நாள், மூன்று பேருக்கு 450 கிராம் அரிசி, 120 கிராம் பருப்பு என்று அளந்து, கொண்டுபோகும் அடுப்பிலேயே வீட்டில் சமைத்துப் பாருங்கள். வேக எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீர் என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கொஞ்சம் சோறு மிஞ்சத்தான் செய்யும். அதைப் பார்த்து அளவைக் குறைத்துவிடாதீர்கள். அன்று யாரும் எட்டு மணி நேரம் மலை ஏறியிருக்க மாட்டார்கள்.