காடை முட்டையும் கோழி முட்டையும்

நம் நாட்டு அங்காடிகளில் இன்று கோழி முட்டைக்குப் பக்கத்திலேயே புள்ளியிட்ட காடை முட்டைகளும் விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வாங்குவோரில் ஒரு சாரார், இது கோழி முட்டையின் சிற்றுருவமே என்று எண்ணுகின்றனர். மற்றொரு சாரார், இது முட்டையினும் மேம்பட்ட மருந்து என்று நம்புகின்றனர். இவ்விரு கருத்துகளும் எந்த அளவுக்கு உண்மை என்பதை, வேகும் நேரம், ஓடு உரிதல், உணவுச் சத்து என்னும் மூன்றையும் கொண்டு ஆராய்வோம்.

முதலில் வேகும் நேரத்தைக் காண்போம். கோழி முட்டை ஒன்று 55 கிராம் எடையும், காடை முட்டை ஒன்று 11 கிராம் எடையும் உள்ளவை என்று கொள்வோம். முன்னது பின்னதைப் போல் ஐந்து மடங்கு எடையுள்ளது. கோழி முட்டை கொதிநீரில் நடுக்கரு வரை கெட்டியாக 12 நிமிடம் ஆகுமாயின், காடை முட்டைக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இவ்வினாவை வகுப்பில் கேட்டால், ஐந்தால் வகுத்து, ‘இரண்டரை நிமிடத்திற்கும் சற்றுக் குறைவு’ என்றே மாணவர் பலரும் விடை கூறுவர். அவ்வாறு வேகவைத்தால் மஞ்சட்கரு குழைவாகவே இருக்கும். உண்மையில் வேண்டுவது ஏறத்தாழ 4 நிமிடம்.

இதன் காரணம் எளியது. வெப்பம் ஓட்டிலிருந்து புறப்பட்டு முட்டையின் நடுவிடத்தை அடைய வேண்டும். அதற்கு ஆகும் நேரம் எடையைப் பொறுத்ததன்று. தொலைவின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. தொலைவு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். எடை ஐந்து மடங்காயின், அகலம் ஐந்தின் மும்மடி மூலம், அதாவது சுமார் 1.7 மடங்குதான். 1.7ஐ 1.7ஆல் பெருக்கினால் சுமார் 2.9 வருகிறது. 12ஐ 2.9ஆல் வகுத்தால் நான்கு நிமிடத்திற்குச் சற்று மேல் கிடைக்கிறது. கோழி முட்டையின் மஞ்சட்கரு குழைவாக நிற்க 6 நிமிடம் எனில், காடை முட்டைக்கு அது 2 நிமிடம் என்பதும் இக்கணக்கிலேயே அடங்கும்.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் விளங்கும். கோழி முட்டையை ஒரு நிமிடம் கூடுதலாக வேகவிட்டால் பெரிய வேறுபாடு தோன்றாது. காடை முட்டைக்கோ அந்த ஒரு நிமிடம் மூன்று நிமிடத்திற்கு ஒப்பாகும். மிகுதியாக வெந்த முட்டையின் வெண்கரு இரப்பர் போல் இறுகும். மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் நிற வளையம் தோன்றும். வெண்கருவிலுள்ள கந்தகமும் மஞ்சட்கருவிலுள்ள இரும்பும் சேர்வதால் உண்டாகும் நிறம் அது, தீங்கற்றது, ஆயினும் நேரம் கடந்தது என்பதற்கு அடையாளம். ஆகவே நீர் நன்கு கொதித்த பின்னரே, துளைக்கரண்டியால் முட்டைகளை மெல்ல இறக்கி நேரத்தைக் கணக்கிட வேண்டும். நேரம் முடிந்ததும் உடனே குளிர்ந்த நீரில் இட வேண்டும். இல்லையேல் ஓட்டினுள் உள்ள வெப்பம் வேகவைத்துக்கொண்டே இருக்கும். மேலே கூறிய நேரங்கள் சமவெளிக்கு உரியவை. கேமரன் மலையில் தானா ராத்தா போன்ற உயர்ந்த இடங்களில் நீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடுமாதலால், அங்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும்.

அடுத்து ஓடு உரிக்கும் முறை. காடை முட்டையின் ஓடு கோழி முட்டையின் ஓட்டினும் மெல்லியது. ஆனால் அதனுள் ஒட்டியிருக்கும் சவ்வோ, முட்டையின் அளவை நோக்க, உறுதி மிக்கது. பச்சை முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினால் ஓடு நொறுங்கியும் சவ்வு கிழியாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. வெந்த முட்டையை உரிக்கையில் அச்சவ்வே நமக்குத் துணையாகும். முட்டையின் அகன்ற முனையில் காற்றறை ஒன்று உண்டு. அம்முனையை முதலில் தட்டி, பின்பு உள்ளங்கையால் மெல்ல உருட்டி ஓடு முழுவதையும் நொறுங்கச் செய்க. பிறகு அகன்ற முனையில் சவ்வைப் பற்றி, நீருக்குள் வைத்தே சுற்றிச் சுற்றி இழுத்தால், நொறுங்கிய ஓடு சவ்வோடு நாடாப் போல் கழன்று வரும். சவ்வை விட்டு ஓட்டை மட்டும் கிள்ளினால் வெண்கரு பிய்ந்துவிடும்.

புதிதாக இட்ட முட்டை உரிபடாது என்பது இரண்டு முட்டைக்கும் பொது. இட்ட சில நாட்களில் வெண்கருவிலுள்ள கரியமிலவாயு ஓட்டின் நுண்துளை வழியே வெளியேறுகிறது. அதனால் வெண்கருவின் காரத்தன்மை கூடி, அது சவ்வோடு ஒட்டும் இயல்பு குறைகிறது. எனவே ஒரு வாரம் பழகிய முட்டையே உரிப்பதற்கு ஏற்றது.

இனி, மிகுதியும் தவறாகக் கருதப்படும் சத்துப் பகுதிக்கு வருவோம். ஒரு காடை முட்டையை ஒரு கோழி முட்டையோடு ஒப்பிடுவது முறையன்று. ஐந்தை ஒன்றோடு ஒப்பிடுவதே முறை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணைப்படி, ஓடு நீங்கிய ஐந்து காடை முட்டைகளிலும் ஒரு கோழி முட்டையிலும் ஏறத்தாழ 70 கலோரியும் 6 கிராம் புரதமுமே உள்ளன. இரும்புச்சத்தில் காடை முட்டைக்கே மேன்மை: கோழி முட்டையில் 0.9 மில்லிகிராம், ஐந்து காடை முட்டைகளில் 1.6 மில்லிகிராம். ஆனால் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளும் அவ்வாறே இரட்டிக்கிறது: கோழி முட்டையில் சுமார் 185 மில்லிகிராம், ஐந்து காடை முட்டைகளில் சுமார் 380 மில்லிகிராம். ‘காடை முட்டையில் கொழுப்பு இல்லை’ என்று கூறுவது உண்மைக்கு மாறானது. முட்டையை அளவோடு உண்ணுமாறு மருத்துவர் கூறிய ஒருவர், கோழி முட்டையை நிறுத்திவிட்டு ஒரு வேளைக்குப் பத்துக் காடை முட்டை உண்பாராயின், அவர் நான்கு கோழி முட்டைக்கு ஒப்பான கொலஸ்டிராலை உட்கொள்கிறார். கோழி முட்டை ஒவ்வாத குழந்தைக்குக் காடை முட்டை ஏற்கும் என்று எண்ணுவதும் ஆபத்தே. இரண்டின் புரதங்களும் பெரிதும் ஒத்தவை.

சிறிய உருவத்தால் விளையும் இன்னொரு தீங்கும் உண்டு. ஆசிரியர்கள் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜப்பானில் புக்குவோக்கா மாநிலத்து மியாமா நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில், முதலாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பள்ளி உணவில் இருந்த காடை முட்டை தொண்டையில் அடைத்து உயிரிழந்தான். உரித்த காடை முட்டை வழுவழுப்பானது, உருண்டையானது, மெல்லாமலே வாயினுள் வழுக்கிச் சென்று, சிறுவரின் மூச்சுக்குழலை மூடிவிடும் அளவினது. கோழி முட்டையைச் சிறு பிள்ளைகள் முழுதாக வாயிலிடுவது எளிதன்று. காடை முட்டையை எளிதில் இடலாம். பள்ளிச் சிற்றுண்டியிலோ விருந்திலோ சிறு பிள்ளைகளுக்கு இதனை வழங்குவோர், நீளவாக்கில் நான்காக நறுக்கியே தட்டில் இட வேண்டும். பிள்ளைகள் உட்கார்ந்து, பேசாமல், மென்று உண்பதையும் அருகிருந்து கவனிக்க வேண்டும்.