மூச்சை இழுப்பதற்கு முன் வெளியே விடுங்கள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தை உலுக்கியது. தூத்தூர், சின்னத்துறை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களில் பலர் கரை திரும்பவில்லை. ஆண்டுகள் பல கடந்த பின்னும், புயல் எச்சரிக்கை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு படபடக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன.

"படபடப்பு" என்னும் இந்த ஒரு சொல்லால் இரண்டு வெவ்வேறு நிலைகளைக் குறிப்பிடுவது நம் வழக்கம். ஒன்று பதற்றம், மற்றொன்று பீதித் தாக்குதல். இரண்டையும் பிரித்தறிந்தால்தான் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது விளங்கும்.

விளக்கத்திற்காக ஒரு பெண்மணியை எண்ணிக்கொள்வோம். அவருடைய கணவர் விசைப்படகில் கடலுக்குப் போயிருக்கிறார். மாலையில் எச்சரிக்கை வருகிறது. அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தோளும் கழுத்தும் இறுகுகின்றன, வயிறு கலங்குகிறது, உறக்கம் வராமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இது பதற்றம். இதற்குச் சொல்லத்தக்க ஒரு காரணம் இருக்கிறது. மெல்ல மெல்ல ஏறி, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ நீடித்து, படகு கரை சேர்ந்த செய்தி வந்ததும் இறங்கத் தொடங்குகிறது.

மூன்று வாரங்கள் கழிகின்றன. கணவர் வீட்டில் இருக்கிறார். கடலும் அமைதியாக இருக்கிறது. அப்பெண்மணி நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருக்கும்போது, எவ்வித முன்னறிவிப்புமின்றி இதயம் அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது, வியர்க்கிறது, விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போகின்றன. "இப்போதே உயிர் போய்விடும்" என்ற எண்ணம் உறுதியாகத் தோன்றுகிறது. இதுவே பீதித் தாக்குதல். இது பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டி, பிறகு தானாகவே தணியத் தொடங்கும். அரை மணி நேரத்திற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கவலையான நேரத்தில் மட்டுமன்றி, ஓய்வாக இருக்கும்போதும் இது வரக்கூடும் என்பதே பலரைத் திகைக்கச் செய்கிறது.

உடலுக்குள் நடப்பது என்ன? ஆபத்து என்று மூளை கருதியதும், சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினை வெளியிடுகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ தசைகளுக்கு வலிமை வேண்டும் என்பதால் இதயத் துடிப்பும் மூச்சும் விரைவடைகின்றன. ஆனால் பேருந்து இருக்கையில் இருப்பவர் ஓடுவதில்லை. உடல் உழைக்காமல் மூச்சு மட்டும் விரைந்தால், இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றே சுருங்கித் தலை சுற்றுகிறது. விரல்களும் உதடுகளும் மரத்துப்போகின்றன. சிலருக்கு விரல்கள் மடங்கி இறுகிக்கொள்வதும் உண்டு. இக்குறிகளைக் கண்டு அச்சம் கூடுகிறது. அச்சம் கூடக்கூட மூச்சு மேலும் விரைகிறது. இவ்வாறு ஒரு சுழல் உருவாகிறது.

அருகில் இருக்கும் மாமியார் அன்போடு சொல்வது என்னவாக இருக்கும்? "மக்களே, மூச்சை நல்லா இழு!" என்பதுதான். தவறு நேர்வதும் இங்கேதான். அவ்வேளையில் அவருக்குக் காற்று போதாமல் இல்லை. முழுவதும் வெளியே விடாமல், நிரம்பிய நெஞ்சின் மேலேயே மீண்டும் மீண்டும் இழுத்துக்கொண்டிருக்கிறார். மேலும் பெரிதாக இழுக்கச் சொன்னால் கரியமில வாயு இன்னும் குறையும். மரப்பும் மயக்கமும் கூடும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது மூச்சை வெளியே விடுவதே.

செய்முறை எளியது. முதுகு சாயும்படி அமர்ந்து, தோள்களைத் தளர்த்தி, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை மெல்ல ஊதுவதுபோல் உதடுகளைக் குவித்து, உள்ளே இருக்கும் காற்றை மெதுவாக வெளியே விடுங்கள். பின்பு வாயை மூடி, மூக்கின் வழியாக மென்மையாக நான்கு எண்ணும்வரை உள்ளிழுங்கள். வயிற்றின் மேலுள்ள கை சற்றே உயர வேண்டும். மார்பு நிரம்பும்படி இழுக்க வேண்டாம். பிறகு ஆறு எண்ணும்வரை குவித்த உதடுகளின் வழியே வெளியே விடுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரு நொடி என்று கொண்டால், நிமிடத்திற்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடங்கள் இவ்வாறு தொடருங்கள்.

தொடக்கத்தில் நான்கும் ஆறும் கடினமாக இருந்தால், மூன்று எண்ணி இழுத்து நான்கு எண்ணி விடலாம். உள்ளே செல்வதைவிட வெளியே வருவது நீண்டிருத்தல் வேண்டும் என்பதே விதி. தாக்குதலின் நடுவே மூச்சை நெடுநேரம் அடக்கிவைக்கும் முறைகளைத் தவிர்க்கலாம். அவை மூச்சுமுட்டும் உணர்வைக் கூட்டக்கூடும். காகிதப் பையை முகத்தில் வைத்து மூச்சு விடும் பழைய வழக்கத்தையும் கைவிடுங்கள். உண்மையில் இதயமோ நுரையீரலோ பாதிக்கப்பட்டிருந்தால் அது ஆபத்தாக முடியும்.

உடனிருப்பவர் செய்ய வேண்டியதும் குறைவே. எதிரே அமர்ந்து, தாழ்ந்த குரலில் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்; நீங்களும் கூடவே மூச்சு விடுங்கள். "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று அதட்ட வேண்டாம். அவருடைய உடல் அவரிடம் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. "இது உச்சத்திற்குப் போய் இறங்கிவிடும், நான் இங்கேயே இருக்கிறேன்" என்பது போதும். அமைதியான நேரத்தில் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் பழகியிருந்தால், தேவையான வேளையில் இம்முறை எளிதாகக் கைகொடுக்கும்.

ஆனால் மூச்சுப் பயிற்சிக்கு எல்லை உண்டு. முதன்முறையாக இவ்வாறு நேர்ந்தால், அது பீதிதான் என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். மாரடைப்பும் இதே குறிகளோடு வரலாம், இ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனைகளால்தான் அதைத் தெளியமுடியும். நெஞ்சில் பாரம் ஏற்றியது போன்ற அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, நடந்தால் கூடும் நெஞ்சுவலி, மயங்கி விழுதல் ஆகியவை இருந்தால் எண்ணிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு தெளிவான நெஞ்சுவலி இல்லாமலும் வரக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவருக்கு நடுக்கமும் வியர்வையும் கண்டால், முதலில் சர்க்கரையின் அளவைப் பாருங்கள். அது குறைந்திருந்தாலும் இவ்வாறே தோன்றும். ஆஸ்துமா உள்ளவர் மருத்துவர் தந்த இன்ஹேலரைத் தள்ளிப்போட்டுவிட்டு மூச்சை எண்ணக் கூடாது.

பரிசோதனையில் இதயம் நலமாக உள்ளது என்று தெரிந்த பின்னும் தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வரலாம். அல்லது "மறுபடியும் வந்துவிடுமோ" என்று அஞ்சி, அப்பெண்மணி பேருந்துப் பயணத்தையே விட்டுவிடலாம். அந்நிலையில் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. எண்ண ஓட்டத்தையும் தவிர்க்கும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சையும், தேவையானால் மருந்துகளும் நல்ல பயன் தருகின்றன. மனநல மருத்துவரைக் காண உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, தாக்குதல் எந்த நாளில், எங்கே, எத்தனை நிமிடம் நீடித்தது, அதற்கு முன் என்ன உண்டீர்கள் அல்லது என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக் கொண்டுவாருங்கள். "படபடப்பு" என்ற சொல்லைவிட, அந்தத் தாள் எங்களுக்கு அதிகம் சொல்லும்.