ஒரு மாலையில் ஒரு மர்மம்

சென்ற ஆண்டு எங்கள் விடுதி அறையில் நான் நடத்திய ஒரு விளையாட்டு முற்றிலும் தோற்றுப்போனது. ஏன் தோற்றது, பிறகு எப்படித் திருத்தினேன் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் குறிப்பிடுவது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுக்கு வழிவகுத்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக இருந்து, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று வாயால் சொல்வர். முடிவு ஐயத்திற்குரியதாக இருக்கும்போது பகடை உருட்டுவர். மேடையும் இல்லை, மனப்பாடமும் இல்லை.

முதல் முறை நான் இரு தவறுகள் செய்தேன். வந்திருந்த ஐவரையும் தத்தம் பாத்திரத்தைத் தாமே படைக்கச் சொன்னேன்; அதிலேயே ஒன்றரை மணி நேரம் கரைந்தது. அடுத்து, மர்மத்தின் திறவுகோலான ஒரு சீட்டைப் பகடைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பகடையில் 1 விழுந்தது, சீட்டு கிடைக்கவில்லை. வேறு வழி எதையும் நான் அமைத்திருக்கவில்லை. நண்பர்கள் கதைக்குள் பார்ப்பதை விட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாண்டு மாணவர் ஒருவர் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போனார். அவர் போன விதம் என்னை உறுத்தியது.

ஒரு மாதம் கழித்து மீண்டும் முயன்றேன். இம்முறை மூன்று மணி நேரத்தில் முடியும் கதை ஒன்றை அமைத்தேன். ஊர் ஊராகச் செல்லும் ஓர் இசை நாடகக் குழு. இரவு பத்து மணிக்கு நாடகம். மாலை ஏழு மணிக்கு ராஜபார்ட்டின் வெள்ளிக் கிரீடத்தைக் காணோம். இதுவே தொடக்கம். உண்மை என்னவென்றால், கலைஞர்களின் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வழியறியாத குழு முதலாளியே அதை அடகு வைத்துவிட்டுத் திருட்டுப் போனதாகக் கூச்சலிடுகிறார். இவ்வுண்மையை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கித் துப்புகளை அமைத்தேன்.

பாத்திரங்கள் ஐந்தையும் நானே எழுதி வைத்தேன்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், மிருதங்கக்காரர், ஒப்பனைக்காரர். ஒவ்வொன்றும் அஞ்சலட்டையில் பாதியளவு. அதில் நான்கே வரிகள்: அவர் யார், எதில் வல்லவர், மற்றொரு பாத்திரத்தோடு என்ன உறவு, மற்றவருக்குத் தெரியாத எந்தச் செய்தி அவருக்குத் தெரியும். நான்காவது வரிதான் உயிர்நாடி. தன்னிடம் மட்டுமே இருக்கும் செய்தியைச் சொல்ல வேண்டிய கட்டம் வரும்போது, கூச்சமுள்ளவரும் வாய் திறந்தே ஆகவேண்டும். படிக்க ஐந்து நிமிடம் போதும்.

விதியும் ஒன்றே. ஆபத்தோ எதிர்ப்போ உள்ள செயலுக்கு மட்டும் ஒரு பகடை. 4, 5, 6 விழுந்தால் வெற்றி. தாம் வல்ல செயலானால் இரண்டு பகடை உருட்டி, பெரிய எண்ணைக் கொள்ளலாம். அப்போது வெல்லும் வாய்ப்பு பாதியிலிருந்து முக்கால் பங்காக உயரும். மேசை நடுவே ஆறு தீக்குச்சிகள். ஒவ்வொன்றும் கதையில் அரை மணி நேரம். தோல்வி ஏற்பட்டால் ஒரு குச்சி போகும். ஆறும் போய்விட்டால் கிரீடமின்றித் திரை விலகும். தோல்வி என்றால் கதை நிற்பதில்லை, காலம் கழிகிறது என்பதே பொருள்.

துப்பு தேடுவதற்குப் பகடையே கூடாது. சரியான இடத்தில் பார்த்தவருக்கும், சரியான ஆளைக் கேட்டவருக்கும் அது கிடைத்தே தீரவேண்டும். ராபின் லாஸ் அமைத்த ‘கம்ஷூ’ என்னும் விளையாட்டு முறையின் அடிப்படையே இதுதான். ஜஸ்டின் அலெக்சாண்டர் என்னும் வடிவமைப்பாளர் மற்றொரு விதியைக் கூறுகிறார்: ஆடுவோர் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகள் வையுங்கள். ஒன்றைக் காணாமல் போவார்கள், ஒன்றைத் தவறாகப் பொருள் கொள்வார்கள், மூன்றாவதாவது கைகொடுக்கும்.

என் கதையில் எட்ட வேண்டிய முடிவுகள் இரண்டே. முதலாவது, இது வெளியார் வேலையன்று என்பது. பெட்டியின் பூட்டு உடையவில்லை, அதற்குச் சாவிகள் இரண்டே என்பது ஒப்பனைக்காரரின் அட்டையில் உள்ளது. அதே பெட்டியிலிருந்த சரிகை உடைகளைத் திருடன் தொடவில்லை. வாயிற்படியில் குறுக்கே படுத்திருந்த காவலாளியை யாரும் தாண்டவில்லை. இரண்டாவது முடிவு, கிரீடம் அடகுக் கடையில் இருக்கிறது என்பது. முதலாளியின் பஞ்சாங்கத்துக்குள் அடகுச் சீட்டு இருக்கிறது. அவர் அக்கடைப் படியேறுவதைத் தேநீர்க் கடைச் சிறுவன் பார்த்திருக்கிறான். மூன்று நாளாகக் கொட்டகையில் கூட்டமில்லை. ஆயினும் இரண்டு மாதப் பாக்கி இன்று மதியம் கைக்கு வந்தது என்பது மிருதங்கக்காரரின் அட்டை.

அந்த முதலாண்டு மாணவரை வற்புறுத்தி அழைத்து, மிருதங்கக்காரரின் அட்டையைக் கொடுத்தேன். முதல் ஒரு மணி நேரம் அவர் பேசவில்லை. பஞ்சாங்கத்தை யாரும் திறக்கவில்லை. தேநீர்க் கடைப் பக்கமும் எவரும் போகவில்லை. முன்போலவே என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆட்டம் தளர்வதற்கு அதுவே அடையாளம். அப்போது நடத்துபவர் துப்பை அவர்களிடமே நடத்திக்கொண்டு வரவேண்டும். சிறுவனைத் தேநீர்த் தூக்கோடு உள்ளே அனுப்பலாமென்று நான் வாய் திறக்குமுன், அவர் மெல்லக் கேட்டார்: “கூட்டமே இல்லையே, என் பாக்கிப் பணம் எங்கிருந்து வந்தது?” அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடகுக் கடை பூட்டியிருந்தது. உறங்கும் கடைக்காரரை எழுப்பி இணங்கவைக்க, பேச்சில் வல்ல ராஜபார்ட் இரு பகடைகளை உருட்டினார். 2-உம் 3-உம் விழுந்தன, தோல்வி. கடைக்காரர் கதவைத் திறந்தார். ஆனால் அரை மணி நேரம் பேரம் பேசினார். ஒரு குச்சி போயிற்று. இறுதியில், அன்று பெற்ற சம்பளத்தை ஐவரும் திருப்பிக் கொடுத்தால் கிரீடம் தருவதாகச் சொன்னார்.

இதற்கு நான் விடை எழுதி வைக்கவில்லை. முதலாளியை ஊரார் முன் காட்டிக்கொடுப்பதா, பணத்தைத் திருப்பிக் கொடுத்து மானம் காப்பதா, அட்டைக் கிரீடத்தோடு ஆடுவதா? முடிவை ஆடுவோரிடமே விட இறுதி அரை மணி நேரத்தை ஒதுக்கியிருந்தேன், அதுவும் போதவில்லை. ஸ்திரீபார்ட் வழக்குரைஞர் போல வாதாடினார். கடைசியில் அட்டைக் கிரீடமே மேடையேறியது. சம்பளம் கையில் நின்றது. முதலாளியின் கணக்கு மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஓர் எச்சரிக்கை. ஆளைத் திசைதிருப்பும் பொய்த் துப்பு எதையும் நீங்கள் வைக்க வேண்டாம். புதியவர்கள் அதைத் தாமே உண்டாக்கிக்கொள்வார்கள். காவலாளியின் இருமலைக்கூட எங்கள் பபூன் கால் மணி நேரம் ஆராய்ந்தார். மேலும், இந்த ஒற்றை விதி ஒரு மாலைக்கே போதுமானது. பாத்திரங்கள் வளர்ந்து தேர்ச்சி பெறும் நெடுங்கதைக்கு இது தாங்காது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, அந்த மாணவர் தம் அட்டையைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.